காலியாக விட்ட கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுவதும் அக்காளும் தங்கையும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. மேசையின் ஒரு முனையில் தங்கையின் மடிக்கணினி. அதன் திரையில் மூத்தவளின் சுயவிவரம். படிப்பு, பட்டம், அதற்குப் பிறகு ஒரு கம்பெனியில் ஒன்றரை வருடம் என்று ஒழுங்காக இறங்கி வந்த வரிகள், அதற்குக் கீழே ஐந்து வருடத்துக்கு ஒன்றுமில்லாமல் நின்றன.

அந்த ஐந்து வருடமும் மூத்தவள் அரசுத் தேர்வுக்குப் படித்தாள். தெருவில் அவளுக்கு 'ஆபீசரம்மா' என்று பெயர். இரண்டாம் வருடத்தில் ஆசையாக வைத்த பெயர்தான். நான்காம் வருடத்தில் அதே பெயரைச் சொல்லும்போது வாயோரம் ஒரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது. இப்போது மருந்து அனுப்பும் தனியார் நிறுவனம் ஒன்றில் கண்காணிப்பு அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்திருந்தாள். மறுநாள் எழுத்துத் தேர்வு, தேறினால் அன்றைக்கே நேர்காணல்.

இளையவள் வங்கியில் வேலை பார்ப்பவள். நேர்காணல் நடத்துகிறவளைப் போல நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க. இந்த அஞ்சு வருஷம் என்ன பண்ணீங்க?"

"போட்டித் தேர்வுக்குப் படிச்சேன். நேர்முகம் வரைக்கும் போனேன். ஆனா..."

"நிறுத்து. அக்கா, நீ வேலை கேக்கப் போறியா, துக்கம் விசாரிக்கப் போறியா?"

"என்னடி இப்ப?"

"நல்லாத்தான் ஆரம்பிக்கிற. கடைசியில ஒரு 'ஆனா' போட்டு குரலை இறக்குற பாரு, அங்கயே அவன் உன்னைப் பார்த்து ஐயோ பாவம்னு நினைச்சிடுவான். ஐயோ பாவம்னு நினைச்சவன் வேலை குடுக்க மாட்டான். தண்ணி வேணுமான்னு கேட்டு அனுப்பி வெச்சிடுவான்."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "உடம்பு சரியில்லாம இருந்தேன்னு சொல்லிடேன்டி. யாரு வந்து பார்க்கப் போறாங்க?"

"அஞ்சு வருஷமா உடம்பு சரியில்லாதவளை யாரும்மா வேலைக்கு எடுப்பாங்க?" என்றாள் இளையவள். அம்மா அதில் உள்ள நியாயத்தை யோசித்தபடியே உள்ளே போய்விட்டாள்.

இளையவள் வேறு வழிகளும் வைத்திருந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்தேன் என்று போடலாம். பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன் என்று போடலாம். தோழி ஒருத்தியின் அண்ணன் கம்பெனி வைத்திருக்கிறான், கேட்டால் ஒரு சான்றிதழே கொடுப்பான். மூத்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, காலியாக இருந்த இடத்தில் ஒரே வரியில் உள்ளதை அப்படியே தட்டினாள்: ஐந்து ஆண்டுகள், அரசுப் பணித் தேர்வுக்கான முழுநேரத் தயாரிப்பு.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றாள் தங்கை.

"பொய் சொன்னா அதையும் மனப்பாடம் பண்ணணும். மனப்பாடம் பண்ணி அலுத்துப் போச்சு."

இளையவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. விளக்கு போடும் நேரம் வரை திரும்பத் திரும்பக் கேட்டாள், மூத்தவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். 'ஆனா' ஒருவழியாகப் போனது. அது இருந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. அதை மட்டும் கிளப்ப முடியவில்லை.

நிறுவனம் ஊருக்கு வெளியே, கிடங்குகள் வரிசையாக நிற்கும் சாலையில் இருந்தது. முன்கட்டில் அலுவலகம், பின்னால் லாரிகள் வந்து முதுகைக் காட்டி நிற்கும் பெரிய குளிர்க் கிடங்கு. தடுப்பூசி, இன்சுலின், ரத்தப் பொருள்கள் என்று குளிரிலேயே இருக்க வேண்டியவற்றைப் பெட்டியில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெப்பத்தை அளந்து சொல்லும் சிறு கருவி ஒன்று இருக்கும். வழியெல்லாம் அது சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கண்காணிப்பு அறையின் வேலை.

எழுத்துத் தேர்வு கணினியில். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். திரையில் முதலில் ஒரு பக்கம் விதிமுறை வந்தது. மூத்தவள் அதைப் படிக்காமலே 'தொடங்கு' என்பதை அழுத்தினாள். இந்த ஐந்து வருடத்தில் அவள் எழுதிய தேர்வுகளும் மாதிரித் தேர்வுகளும் கொஞ்சநஞ்சமல்ல. விதிமுறையை யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

கேள்விகள் கணக்கில் தொடங்கி, வரைபடம் படிப்பதில் நுழைந்து, பெட்டிகளுக்கு வந்தன. இன்ன பெட்டியின் வெப்பம் கொஞ்ச நேரம் எட்டு டிகிரி வரம்பைத் தாண்டிப் போய் இறங்கியது, மருந்தை நோயாளிக்குக் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. எந்த மருந்து என்று சொல்லவில்லை. அவள் நான்கு விடைகளையும் பார்த்தாள். ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். இப்படி ஒன்பதை விட்டாள். நேரம் மீதி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே நடையில், கூட எழுதிய கண்ணாடிக்காரப் பையன் ஒருவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் போட்டீங்களா?"

"ஒன்பது விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? ஏங்க?"

"தெரியல. தப்பாப் போட்டா மார்க் போயிடுமே."

அவன் தண்ணீர் டம்ளரை இறக்கி அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். "இங்க தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்கன்னு முதல் பக்கத்துலயே போட்டிருந்துச்சே. கண்ணை மூடிக்கிட்டுக் குத்தியிருந்தாலே ரெண்டு விழுந்திருக்கும்!"

ஐந்து வருடத்தில் விரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்ட பழக்கம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் வெட்டும் தேர்வுகளில் தெரியாததைத் தொடாதவர்கள்தான் தப்பிப்பார்கள். அதையே இங்கேயும் செய்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வேறு உட்கார்ந்திருக்கிறாள்! சுயவிவரத்தில் பொய் எழுத மாட்டேன் என்று வீம்பு பிடித்தவள், கடைசியில் முதல் பக்கத்தைப் படிக்காமல் தோற்றாள் என்று தங்கையிடம் போய்ச் சொல்ல வேண்டும். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசல் வரை போனவளை வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். உள்ளே வரச் சொன்னார்களாம்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர், நரைத்த முடியை இழுத்துக் கட்டிய அம்மாள். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது, அது கேள்விக்குத் தகுந்தபடி மாறவில்லை. அவர் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்ட இளைஞன் ஒருவன். கண்காணிப்பு அறைக்கு அவன்தான் தலைமை என்று மேலாளர் அறிமுகம் செய்தார். மூத்தவளைவிட இரண்டு மூன்று வயது இளையவனாகத்தான் இருப்பான். தேநீர் வைக்க வந்தவர் அவனை 'தம்பி சார்' என்று கூப்பிட்டார். சிறு வயதிலேயே வேலைக்கு வந்து மளமளவென்று மேலே போனவனுக்கு அந்தக் கட்டடம் கொடுத்திருந்த பட்டம் அது.

"உக்காருங்க," என்றார் மேலாளர். "முதல்லயே சொல்லிடறேன். எங்க கட் ஆஃப் முப்பத்திரண்டு. நீங்க வாங்கினது முப்பது. சாதாரணமா நாங்க கூப்பிட மாட்டோம். தம்பி சார்தான் பார்க்கணும்னார்."

"ஒன்பது கேள்வியை ஏன் விட்டீங்க?" என்றான் தம்பி சார். "நேரம் பத்தலையா?"

"நேரம் இருந்துச்சு. தெரியல, அதனால விட்டேன்."

"தப்புக்கு மார்க் குறைக்க மாட்டோம்னு போட்டிருந்ததே?" மேலாளர் சிரிப்பை மாற்றாமல் கேட்டார்.

இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று மூத்தவளுக்குத் தோன்றியது. "நான் அந்தப் பக்கத்தைப் படிக்கல மேடம். நிறையத் தேர்வு எழுதின திமிர். என் தப்புதான்."

மேலாளர் எதையோ குறித்துக்கொண்டார். "நிறையத் தேர்வுன்னா, அந்த அஞ்சு வருஷம். அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

வந்துவிட்டது. நேற்று மேசையில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. அவள் மூச்சை இழுத்தாள், பெருமூச்சாக அதை வெளியே விட்டுவிடாமல் பேச்சுக்கே செலவழித்தாள்.

"அஞ்சு தடவை எழுதினேன். மூணு தடவை முதல்நிலைத் தேர்வுல தேறினேன். அதுல ஒரு தடவை முதன்மைத் தேர்வையும் தாண்டி நேர்முகத்துக்குப் போனேன். இறுதிப் பட்டியல்ல பேர் வரல."

அங்கே நிறுத்தினாள். 'ஆனா' வரவில்லை.

"நாளைக்கே அடுத்த அறிவிப்பு வந்தா?" என்றார் மேலாளர். "தப்பா நினைக்காதீங்க. உங்களை மாதிரி ரெண்டு பேரை எடுத்தோம். பயிற்சி குடுத்து முடிக்கிறோம், லீவு கேக்கறாங்க. படிக்கணுமாம். ஒருத்தர் பரீட்சைக்குப் போனவர் வரவே இல்ல."

"நியாயந்தான் மேடம். எனக்கு வயசு வரம்புல இன்னும் ஒரு தடவை பாக்கி இருக்கு. அதுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி போன மாசமே முடிஞ்சிருச்சு. நான் போடல. வேற எந்தத் தேர்வோட முடிவுக்கும் காத்திருக்கல."

"ஒரு வாய்ப்பு இருக்கும்போதே ஏன் விட்டீங்க?" இதைக் கேட்டது தம்பி சார்.

"அஞ்சாவது தடவை படிக்கும்போது புதுசா எதுவும் உள்ள போகல. பழசையே தொடைச்சுத் தொடைச்சு வெச்சுக்கிட்டிருந்தேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு, இதுல எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சாச்சுன்னு."

"என்ன கிடைச்சது?" மேலாளரின் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "வேலை கிடைக்கலையே. அஞ்சு வருஷம் போச்சேன்னு வருத்தமா இல்ல?"

இதற்குத் தங்கை ஒரு பதில் தயார் செய்து கொடுத்திருந்தாள். ஒழுக்கம், நேர நிர்வாகம், விடாமுயற்சி என்று மூன்று சொல். மூத்தவள் அதைத் தேடினாள். நாக்கு நுனி வரை வந்த மூன்றும் கடையில் வாங்கின பூப்போல வாசனை இல்லாமல் இருந்தன. வேறொன்று அவற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது.

"பட்டியல் வந்த அன்னிக்கு அழுதேன் மேடம். அது பட்டியலுக்காக அழுதது. படிச்சதுக்காக இதுவரை அழுததில்ல." சற்று யோசித்தாள். "ஒரு நாள் கடல் நீரோட்டம் படிச்சுக்கிட்டிருந்தேன். மூணு மார்க் சமாச்சாரம். வடக்க, பனிக்கட்டிக்குப் பக்கத்துல தண்ணி குளிர்ந்து, கனத்து, அடியில போகுது. போயி, கடலோட அடித்தரையிலயே ஊர்ந்து, உலகத்தையே சுத்தி மேல வர்றதுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் ஆகும்னு போட்டிருந்தாங்க. நான் புத்தகத்தை மூடிட்டேன். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, தண்ணி விழறதையே பார்த்துக்கிட்டு நின்னேன். எங்கம்மா வந்து, தண்ணி என்ன சும்மாவா வருதுன்னு கத்தினாங்க. சும்மா வரலம்மா, ஆயிரம் வருஷம் நடந்து வந்திருக்கலாம்னு சொன்னேன். படிச்சுப் படிச்சுப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு அன்னிக்கு முடிவே பண்ணிட்டாங்க."

தம்பி சார் சிரித்தான். மேலாளரின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்படி நிறைய. ஒரு நாட்டோட சட்டத்தை உக்காந்து எழுதினவங்க, ஒரு வார்த்தைக்காக நாள் கணக்குல சண்டை போட்டிருக்காங்க. ஒரு விரல் அகலத்துக்கு மண்ணு உண்டாக எத்தனையோ நூறு வருஷம் ஆகும். யாரும் என்னைப் படிக்கச் சொல்லலேன்னா இதெல்லாம் இருக்கறதே தெரியாம இருந்திருப்பேன். அப்புறம் பரீட்சை அன்னிக்குக் காலையில... எப்படிச் சொல்றது. மணி அடிச்சதும் அறையில இருக்கற எல்லாரும் வினாத்தாளைப் பிரிப்போம். ஒரு சத்தம் வரும், பறவைக் கூட்டம் எழும்பற மாதிரி. பக்கத்து அறையிலயும் அதே சத்தம். அதே நொடியில எல்லா ஊர்லயும், எல்லாப் பள்ளிக்கூடத்துலயும், லட்சக்கணக்கான பேர் அதே பக்கத்தைத் திருப்பறாங்க. அவங்கள்ல முக்காவாசிப் பேருக்கும் மேல வெறுங்கையோடதான் திரும்பப்போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் வந்திருக்காங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்துல உடம்பு சிலிர்க்கும். அஞ்சு தடவை அதுக்குள்ள இருந்திருக்கேன். அதைப் போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

சொல்லி முடித்தபோது, இதைத் தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. தனக்கே கூட இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஐந்து வருடம் என்று எல்லோரும் ஒரு குழியைக் காட்டுவதுபோல் காட்டிய இடத்தில் இவ்வளவு பெரிய ஒன்று நின்றிருக்கிறது. அண்ணாந்து பார்ப்பதற்கு இன்று, இந்த அறையில், யாரோ இரண்டு பேர் முன்னால்தான் வாய்த்தது.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லாச் சொல்றீங்க. ஆனா கட் ஆஃப் கட் ஆஃப்தான். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டவங்க முப்பத்திரண்டு, முப்பத்திமூணு வாங்கியிருக்காங்க."

"அதைத்தான் மேடம் நானும் சொல்ல வந்தேன்," என்றான் தம்பி சார். கையிலிருந்த தாள்களை அவர் பக்கம் திருப்பி வைத்தான். "இந்தத் தேர்வை நாம மூணு வருஷமா நடத்தறோம். காலியா விட்ட முதல் ஆள் இவங்க. விட்ட ஒன்பதையும் பாருங்க. ஏழு கேள்வியில விடை சொல்லத் தேவையான விவரமே குடுக்கல. மருந்தோட பேர் இல்லாம, குடுக்கலாமா கூடாதான்னு யாராலயும் சொல்ல முடியாது. கேள்வித்தாள் போட்டுக் குடுத்தவன் போட்ட தப்பு. மூணு வருஷமா எனக்கும் கண்ணுல படல. எல்லாரும் எதையோ போட்டுட்டுப் போனதால தெரியவே இல்ல."

மேலாளர் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். தம்பி சார் மூத்தவள் பக்கம் திரும்பினான்.

"எழுதின முப்பத்தொண்ணுல முப்பது சரி. ஒண்ணு தப்பு. ஒரு தடுப்பூசிப் பெட்டி உறைநிலைக்குக் கீழ போயிட்டு ஏறியிருக்கு. மருந்தை அனுப்பலாம்னு போட்டிருக்கீங்க."

"தப்பா? குளிர்தானே, அதிகமானா நல்லதுதான்னு..." அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தடுப்பூசி உறைஞ்சா செத்துப்போகும். வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியாது. தண்ணி மாதிரி இருக்கும். குழந்தைக்குப் போடுவாங்க, வேலை செய்யாது. போட்டாச்சுன்னு எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க."

"விட்டதைப் பத்தி எனக்குப் பயமில்ல சார். இந்த ஒண்ணுதான் பயமா இருக்கு. இது எனக்கு நல்லாத் தெரியும்னு நினைச்சுத்தானே போட்டேன்."

தம்பி சார் அவளையே ஒரு கணம் பார்த்தான். பிறகு எழுந்தான். "வாங்க, இடத்தைப் பார்த்துட்டு வரலாம். மேடம், நீங்களும்தான். நீங்க கடைசியா உள்ள வந்தது எப்பன்னே எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு அந்தக் குளிர் ஆகாதுப்பா," என்றபடியே மேலாளரும் எழுந்தார்.

கண்காணிப்பு அறையின் கதவு திறந்ததும் மூத்தவள் நின்றுவிட்டாள். எதிர்ச்சுவர் முழுவதும் திரை. திரை முழுவதும் வரைபடம். அதில் பச்சைப் புள்ளிகள், எண்ண முடியாத அளவுக்கு. முதலில் அவை அசையாமல் இருப்பதாகத் தோன்றியது. உற்றுப் பார்த்தபோது எல்லாமே ஊர்ந்துகொண்டிருந்தன. மலைப்பாதையில் ஒன்று, ஆற்றின் மேல் ஒன்று, கடலோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் எங்கோ ஒரு படுக்கையில் ஒருவர் காத்திருக்கிறார். இத்தனையையும் பார்த்துக்கொண்டு, காதில் கருவி மாட்டிய ஐந்தாறு பேர் ரொம்பச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"வாயைப் பொளந்தே நிக்கறீங்களே," என்று மேலாளர் சொன்னார். சொன்னவரும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நடுவில் ஒரு புள்ளி சிவப்பாக மாறியது. பிஸ்கட்டைக் கீழே வைத்த பெண், "தம்பி சார், இதைப் பாருங்க. மைனஸ்ல போயிருக்கு," என்றாள். தம்பி சார் குனிந்து பார்த்தான். ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகும் தடுப்பூசிப் பெட்டி. உள்ளே இருக்கும் கருவி உறைநிலைக்குக் கீழே காட்டுகிறது. ஓட்டுநரை அழைத்தார்கள். கதவு சரியாகத்தான் மூடியிருக்கிறது என்றார். பனிக்கட்டிப் பையில் கருவி ஒட்டிக்கொண்டிருக்கலாம். மருந்தே உறைந்துபோயிருக்கலாம். பெட்டியைத் திறந்தால்தான் தெரியும், வழியில் வைத்துத் திறக்கக் கூடாது.

அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. தம்பி சார் ஒலிபெருக்கியில் போட்டான். மருந்தகத்தில் இருந்து ஒரு பெண் குரல், அவசரமாக.

"இங்க தாய்மாருங்க எல்லாம் குழந்தையோட வரிசையில உக்காந்திருக்காங்க. வர்ற பெட்டி நல்லா இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

"தெரியாதுங்க," என்றான் தம்பி சார்.

மூத்தவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். சம்பளம் வாங்குகிற ஒருவர், பொறுப்பில் இருக்கிற ஒருவர், அந்தச் சொல்லை இவ்வளவு நேராக, உரத்த குரலில் சொல்லி அவள் கேட்டதில்லை. குரலில் மன்னிப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. அதைவிட ஆச்சரியம், மறுமுனையில் இருந்த பெண் கோபித்துக்கொள்ளவில்லை.

"சரி. எப்பத் தெரியும்?"

"அந்தப் பெட்டி வந்ததும் ஓரமா எடுத்து வெச்சிடுங்க. குளிரிலேயே இருக்கட்டும், போட வேண்டாம். நான் தரப் பிரிவுக்கும் மருந்து தயாரிச்சவங்களுக்கும் வெப்ப விவரத்தை இப்பவே அனுப்பறேன். அவங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காம வேற பெட்டி ஒண்ணு பக்கத்துக் கிடங்குல இருந்து கிளம்பும். தாய்மாரை ரெண்டு மணி நேரம் இருக்கச் சொல்ல முடியுமா?"

"சொல்லிப் பார்க்கறேன்," என்றது குரல்.

அவன் தொலைபேசியை வைத்துவிட்டு மூன்று பேரிடம் மூன்று வேலை சொன்னான். பிறகு மூத்தவளிடம் வந்தான்.

"பார்த்தீங்களா? தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு ஆள் கிடைக்க மாட்டேங்குது. வர்றவங்க எல்லாம் ஏதாவது ஒண்ணைச் சொல்லிடறாங்க. உங்களுக்கு அது வருது. இன்னொரு பாதி இருக்கு. பரீட்சையில காலியா விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடலாம். இங்க போக முடியாது. விட்ட இடத்தை யாரைக் கேட்டாவது நிரப்பற வரைக்கும் அது உங்க தலையில. வருமா?"

வரும் என்று சொல்லிவிட்டால் வேலை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சுவரிலே புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"தெரியல சார். விடறது வரைக்கும்தான் பழக்கம். துரத்திப் பழகினதில்ல. உக்காந்த இடத்துல இருந்து புத்தகத்தைத் துரத்தியிருக்கேன், மனுஷங்களைத் துரத்தினதில்ல. கத்துக் குடுத்தா கத்துப்பேன். கத்துக்கறது மட்டும் எனக்கு நல்லா வரும்."

தம்பி சார் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று உணர்ந்துதான் திரும்பினார்.

"அந்த ஏழு கேள்வியைக் கழிச்சு மறுபடி மார்க் போடறேன். எல்லாருக்கும்தான், உங்களுக்கு மட்டும் இல்ல," என்றார். "அப்படிப் போட்டா நீங்க மேல வருவீங்க, அது கணக்கு. ஆறு மாசம் பயிற்சி. சம்பளம் அதிகம் இல்ல. உங்களைவிட வயசு கம்மியானவங்ககிட்ட வேலை கத்துக்கணும். முதல் தேதி சேர முடியுமா?"

"முடியும் மேடம்."

"அப்ப வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. கடிதம் சாயங்காலம் வரும்." சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மூத்தவள் போகவில்லை. பக்கத்துக் கிடங்கு இருக்கும் இடத்தில், திரையின் மேல் மூலையில், புதிதாக ஒரு பச்சைப் புள்ளி முளைத்திருந்தது. ஒரு குழந்தையின் மூச்சைப்போல லேசாக மினுங்கிவிட்டு, அது சாலையில் இறங்கி ஊர ஆரம்பித்தது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரி நடையில் பெண்கள் குழந்தைகளை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்தப் புள்ளியைப் பற்றி எதுவும் தெரியாமல்.

"நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டுமா?" என்றாள். "தொந்தரவு பண்ண மாட்டேன். அந்தப் பெட்டி போய்ச் சேர்ற வரைக்கும்."

தம்பி சார் காலியாக இருந்த ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினான். பிஸ்கட் பெண் பொட்டலத்தை நீட்டினாள். மூத்தவள் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, புள்ளி முதல் திருப்பத்தில் திரும்புவதைப் பார்த்தாள்.